இரண்டு சுவர்களுக்கு நடுவே 53 பேர்: ஒரு ஜோடிப் பேச்சுப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

வகுப்பில் 53 பேர். எல்லோருக்கும் 13 வயது இருக்கும். நகர்த்த முடியாத நீள பெஞ்சுகள், பெஞ்சுக்கு நான்கு பேர். வாரத்தில் ஒரு 45 நிமிட பீரியட் ஆங்கிலப் பேச்சுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் தாய்மொழி ஒன்றே. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதுவார்கள், கேள்வி கேட்டால் முன் பெஞ்சிலிருந்து ஆறு கைகள் உயரும், மற்ற 47 பேரும் அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் பாதி நேரம் பேசினால் மீதி 22 நிமிடத்தை 53 பேர் பங்கு போட வேண்டும். ஆளுக்கு 25 விநாடி. மைக்கேல் லாங், பட்ரீஷியா போர்ட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-லேயே இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 30 பேர் கொண்ட 50 நிமிட வகுப்பில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நிமிடம் என்பது அவர்களுடைய விடை. இதே வகுப்பை ஜோடிகளாகப் பிரித்துப் பத்து நிமிடம் பேச விட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வரும். எண்ணளவில் இதற்கு மேல் வாதமே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதைக் கணக்கு சொல்லாது.

ஒரே பயிற்சியை மூன்று வாரங்களில் மூன்று விதமாக நடத்தினேன். ஊர் வரைபடத்தை வைத்துச் செய்கிற வழக்கமான தகவல் இடைவெளிப் பயிற்சிதான் அது. ஒரு பாதி விவரம் ஒருவரிடமும் மறுபாதி மற்றவரிடமும் இருக்கும், பேசித்தான் முழுமையாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என் மேசையில் ஒரு போனையும் இரண்டு ஜோடிகளிடம் ஜோடிக்கொரு போனையும் வைத்துப் பதிவு செய்தேன். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். இந்த ஆய்வு முழுக்க அந்தப் பதிவுகளையும் பிள்ளைகளின் நோட்டுகளையும் வைத்து எழுதியது.

முதல் வாரம்: தாள்

வரைபடத்தில் பத்துக் கட்டடங்கள். ஒரு தாளில் ஐந்துக்குப் பெயர் இருக்கும், ஐந்து காலி. மற்ற தாளில் அதற்கு நேர்மாறு. இரண்டு வகையையும் நகலெடுத்துக் கொடுத்தேன். 53 பேர் என்பதால் 25 ஜோடிகளும் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவும் அமைந்தன.

அன்றைய பதிவைக் கேட்டது எனக்குக் கசப்பான அனுபவம். பயிற்சி தொடங்கும் முன் ஒன்பது நிமிடம் விதி சொல்லியிருக்கிறேன். "ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாது" என்பதை மட்டும் ஏழு முறை சொல்லியிருக்கிறேன். பயிற்சி நடக்கும்போதும் வாய் ஓயவில்லை. மொத்தம் 17 நிமிடம் என் குரல்தான். பிள்ளைகள் பேசிய நேரம் ஆறு நிமிடம், அதற்குள் முடித்துவிட்டார்கள். ஒரு ஜோடியின் பதிவு இது:

"காட்டு."
"பார்க்கக் கூடாதுன்னாங்களே."
"சும்மா காட்டுடா, எழுதிட்டுத் தர்றேன்."

அதற்குப் பிறகு பென்சில் ஓடும் சத்தம் மட்டும்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. நான் கொடுத்த வேலை 'காலிக் கட்டங்களை நிரப்பு' என்பது. அதை முடிக்க மிகச் சிக்கனமான வழி, பக்கத்துத் தாளைப் பார்ப்பது. ஒரு சாண் தூரத்தில் விடை இருக்கும்போது தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்பதற்கு எந்த அவசியமும் இல்லை. இடைவெளி என் மனதில்தான் இருந்தது, அவர்களுக்கு நடுவே இல்லை. அதைக் கட்டிக்காக்கும் வேலையை என் தொண்டை செய்துகொண்டிருந்தது.

அன்று குறித்துவைத்த வரி ஒன்றுதான் அடுத்த இரண்டு வாரங்களையும் நடத்தியது: நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த ஒவ்வொரு விதியும் பயிற்சியில் இருந்த ஒரு ஓட்டை. ஓட்டையை அடைத்துவிட்டால் விதியைச் சொல்லவே வேண்டாம்.

நடுவில் கோப்பு அட்டையை நிறுத்திவைக்கலாம், புத்தகப்பையைத் தடுப்பாக வைக்கலாம் என்பார்கள். முயன்றும் பார்த்திருக்கிறேன். அட்டை சரிந்துகொண்டே இருக்கும், "அட்டையை நிமிர்த்து" என்பது புதிய விதியாகிவிடும்.

இரண்டாம் வாரம்: சுவர்

தாளையே எடுத்துவிட்டேன். நகலும் மிச்சம். இரண்டு பெரிய சார்ட்டுகளை வரைந்து, ஒன்றைக் கரும்பலகையிலும் மற்றதைப் பின்சுவரிலும் ஒட்டினேன். ஜோடியில் ஒருவர் வழக்கம்போல் முன்னோக்கி உட்காருவார். மற்றவர் பெஞ்சின் மேலேயே காலைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கி உட்காருவார். தோளோடு தோள் இருக்கும், முகம் மட்டும் எதிரெதிர்த் திசை. பிள்ளைகளே இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: முன்னால் பார்ப்பவர் போர்டுக்காரர், பின்னால் பார்ப்பவர் சுவர்க்காரர்.

இந்த அமைப்பில் ஏமாற்ற வேண்டுமானால் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். 53 பேரில் யார் கழுத்து திரும்பினாலும் ஓரத்தில் நிற்கும் எனக்குத் தெரியும். அதைவிட முக்கியம், பக்கத்தில் இருப்பவர் உடனே தோளால் இடிப்பார். இன்னொரு லாபமும் கிடைத்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. எதிரெதிராக உட்கார்ந்து மேசைக்கு மேலே பேசும்போது குரலை உயர்த்த வேண்டியிருக்கும். 26 குழுக்களும் குரலை உயர்த்தினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். இங்கே முணுமுணுத்தாலே கேட்டது.

சில்லறைச் சிக்கல்கள் இருந்தன. எழுத்தின் அளவை நான் கடைசி பெஞ்சிலிருந்து சரிபார்த்தேன். ஆனால் பின்சுவர்ச் சார்ட்டைப் பொறுத்தவரை தூரத்தில் இருப்பது முதல் பெஞ்ச். அவர்களுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. அடுத்த முறை எழுத்தை நான்கு விரல் உயரத்துக்குப் பெரிதாக்கினேன், பார்வைக் குறை உள்ளவர்களைச் சார்ட்டுக்கு அருகில் உட்காரவைத்தேன். சுவர்க்காரர் நோட்டை வைத்து எழுத அடுத்த வரிசையின் டெஸ்க் இருக்கிறது. கடைசி வரிசைச் சுவர்க்காரருக்கு அது இல்லை, மடியில் வைக்கக் கெட்டி அட்டை வேண்டும். இரண்டு இடங்களில் சுவர்க்காரர் தன் ஜோடியை விட்டுவிட்டு, நேருக்கு நேர் முகம் தெரிகிற பின்வரிசைப் போர்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இதை நான் தடுக்கவில்லை. அவரிடமும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், பயிற்சிக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

விதி சொல்வதற்குப் பதிலாகச் செய்து காட்டினேன். ஒரு மாணவியைச் சுவர் பார்க்க உட்காரவைத்து, நான் பக்கத்தில் போர்டு பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு கட்டடங்களைக் கேட்டு எழுதினோம். மூன்றாவதற்கு நான் வேண்டுமென்றே திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வகுப்பே "நோ" என்று கத்தியது. எழுந்துவிட்டேன். இரண்டு நிமிடம்தான் ஆனது. 'பார்க்கக் கூடாது' என்ற வாக்கியத்தை அன்று நான் சொல்லவே இல்லை.

எல்லோரும் பேசினார்கள். ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன்:

"நம்பர் த்ரீ?"
"ஹாஸ்பிடல்."
"நம்பர் ஃபைவ்?"
"ஸ்கூல்."
"ஓகே. யூ?"
"நம்பர் ஒன்?"
"பேங்க்."

நான்கு நிமிடத்தில் பத்துக் கட்டடமும் முடிந்தது. பாதி நோட்டுகளில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. சார்ட்டில் மனைகளுக்கு எண் போட்டிருந்தது நான்தான், குழப்பம் வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். அந்த எண்தான் பேச்சைச் சாப்பிட்டுவிட்டது. இடத்தைச் சொல்ல எண் இருக்கும்போது 'பக்கத்தில்', 'எதிரில்', 'நடுவில்' என்ற சொற்களுக்கு வேலை ஏது? தகவல் கைமாறியது, மொழி வளைந்துகூடக் கொடுக்கவில்லை.

தகவல் இடைவெளிப் பயிற்சி என்றால் பேச்சு தானாகப் பெருகும் என்று நினைப்பவர்கள் அடிக்கடி விழுகிற குழி இது. தெரசா பிக்காவும் கேத்தரின் டௌட்டியும் 1985-லும் 1986-லும் செய்த ஆய்வுகளை இங்கே நினைத்துக்கொண்டேன். முதல் ஆய்வில் கொடுத்த பயிற்சி, விரும்பினால் தகவலைப் பகிரலாம், பகிராமலும் முடிவெடுக்கலாம் என்ற வகை. அதில் குழுவாகப் பேசியதால் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் பேச்சு பெரிதாகக் கூடவில்லை. அடுத்ததில் தகவலைப் பகிராமல் முடிக்கவே முடியாது என்று ஆக்கியபோது கூடியது. என் இரண்டாம் வாரப் பயிற்சியிலும் பகிர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஆனால் ஒற்றைச் சொல்லிலேயே பகிர்ந்துவிடலாம். புரியாமல் போக வழியே இல்லாத இடத்தில், புரியவைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

மூன்றாம் வாரம்: சிக்கலை உள்ளே வைப்பது

மூன்று மாற்றங்கள் செய்தேன்.

முதலாவது, எண்களை அழித்தேன். இரண்டு சார்ட்டுகளுக்கும் பொதுவாக ஓர் ஆறு, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சாலைகள், ஒரு பார்க், ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு பேங்க் மட்டும் இருக்கும். இந்த எலும்புக்கூட்டை முதல் நாளே நோட்டில் வரைந்து வரச் சொன்னேன். வகுப்பில் வரைய விட்டால் பத்து நிமிடம் கோடு போடுவதிலேயே போய்விடும். புதிய கட்டடங்களின் இடத்தை இந்த அடையாளங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது மாற்றம், யாரிடம் எவ்வளவு தகவல் என்பதில். போர்டுச் சார்ட்டில் ஐந்து புதிய கட்டடங்கள், சுவர்ச் சார்ட்டில் மூன்று. பேசத் திணறுகிறவர்களைப் போர்டுக்காரர்களாக உட்காரவைத்தேன். முந்தைய இரண்டு வாரங்களிலும் நன்றாகப் பேசுகிறவர்தான் சொன்னார், மற்றவர் எழுதிக்கொண்டார். ஜார்ஜ் யூலும் டோரிஸ் மெக்டொனால்டும் 1990-ல் வரைபடப் பயிற்சியை வைத்து வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானதைப் பரிந்துரைக்கிறது. மொழித்திறன் கூடியவர் தகவலைச் சொல்லும் இடத்தில் இருந்தால் அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். திறன் குறைந்தவர் சொல்லும் இடத்திலும் கூடியவர் கேட்கும் இடத்திலும் இருந்தால், கேட்பவர் துருவித் துருவிக் கேட்கிறார், பேச்சு இரண்டு பக்கமும் ஓடுகிறது. யார் திறன் குறைந்தவர் என்று வகுப்பில் அறிவிக்க முடியாது, அறிவிக்கவும் கூடாது. முந்தைய நாள் இடத்தை மாற்றி உட்காரவைத்துவிட்டு, "பெஞ்சில் முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் இருப்பவர்கள் போர்டு" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது மாற்றம்தான் கொஞ்சம் குறும்பு. சுவர்ச் சார்ட்டில் இன்னொரு பேங்க் வரைந்தேன். போர்டுச் சார்ட்டில் ஒரே பேங்க், அதன் எதிரில் பார்மசி. ஆக, போர்டுக்காரர் "பார்மசி, ஆப்போசிட் பேங்க்" என்று சொல்லும்போது சுவர்க்காரர் கண்ணெதிரே இரண்டு பேங்க் நிற்கும். யூலும் மெக்டொனால்டும் இரண்டு வரைபடங்களையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்களோடுதான் கொடுத்திருந்தார்கள். முரண்பாடு இருக்கிறது என்று நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

கரும்பலகையின் ஓரத்தில் மூன்று தொடர்களை மட்டும் எழுதிவைத்தேன்: "ஸே தட் அகெய்ன்", "விச் ஒன்?", "ஐ டோன்ட் ஹேவ் தட்". போன முறை போலவே இரண்டு நிமிடம் செய்து காட்டினேன். பிறகு கையைத் தட்டினேன்.

ஒரு ஜோடியின் பேச்சைப் பதிவில் உள்ளபடியே தருகிறேன். ஆங்கிலம் திருத்தப்படவில்லை. சுவர்க்காரர் நன்றாகப் பேசும் மாணவி, போர்டுக்காரர் ஆண்டு முழுக்க என்னிடம் ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் பேசியிராத மாணவன்.

"வேர் இஸ் லைப்ரரி?"
"லைப்ரரி... பார்க். நியர் பார்க்."
"பார்க் லெஃப்ட் ஆர் ரைட்?"
"திஸ் சைடு."
"விச் சைடு? ஐ நாட் ஸீ யுவர் ஹேண்ட்."
"ரைட். மிடில். பார்க், லைப்ரரி, பஸ் ஸ்டாண்ட்."
"ஓ, பிட்வீன் பார்க் அண்ட் பஸ் ஸ்டாண்ட்?"
"யெஸ். பிட்வீன்."

"திஸ் சைடு" என்ற இடத்தில் அவன் கையை நீட்டியிருக்கிறான். இந்த உட்காரும் முறையில் கை உதவாது. எதிரெதிர்த் திசை பார்ப்பதால் அவனுடைய வலது பக்கம் அவளுக்கு இடது பக்கம். கையை நம்பி எழுதிய ஒன்றிரண்டு ஜோடிகள் கட்டடத்தைத் தெருவின் மறுகோடியில் வைத்துவிட்டுப் பிறகு அழித்தார்கள். சொல்லை நம்பியவர்களுக்குச் சரியாக வந்தது, ஏனெனில் அவரவர் சார்ட்டில் வலது என்றால் அது இருவருக்கும் ஒரே இடம்தான். இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் கைச்சாடையைத் தடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

அதே ஜோடி பார்மசிக்கு வந்தபோது:

"பார்மசி, ஆப்போசிட் பேங்க்."
"விச் ஒன்?"
"பேங்க். பேங்க்."
"ஐ ஹேவ் டூ பேங்க்."
"நோ. ஒன்லி ஒன்."
"டூ! ஒன் நியர் ரிவர். ஒன் நியர் பஸ் ஸ்டாண்ட்."
நீண்ட மௌனம்.
"ரிவர். மை பேங்க் நியர் ரிவர்."
"ஓகே. ஸோ பார்மசி ஈஸ் ஆப்போசிட்... ரிவர் பேங்க்."

சிரித்துவிட்டேன், 'ரிவர் பேங்க்' என்றால் ஆற்றங்கரை. அவர்களுக்குள் பொருள் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த நீண்ட மௌனத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 'பேங்க்' என்று மறுபடி மறுபடி சொல்வது போதாது, எந்தப் பேங்க் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று அவன் தானே கண்டுபிடித்தான். நான் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்றாவது விநாடியில் உதவியிருப்பேன், அவனுக்கு அந்த வாக்கியம் கிடைத்திருக்காது.

எல்லா ஜோடியும் இப்படிச் செய்யவில்லை. நோட்டுகளைப் பார்த்ததில், 26 குழுக்களில் 8 குழுக்கள் ஏதாவது ஒரு பேங்க்கின் எதிரில் பார்மசியை எழுதிவிட்டுப் போய்விட்டன. முரண்பாட்டைக் கவனித்தும் கேட்கச் சொல் இல்லாமல் விட்டார்களா, கவனிக்கவே இல்லையா என்பதை நோட்டு சொல்லாது. அடுத்த நாள் கேட்டபோது சிலர் "சார்ட்ல தப்பா வரைஞ்சிருக்கீங்கன்னு நெனச்சோம் மிஸ்" என்றார்கள். நியாயம்தான். வகுப்பறையில் முரண்பாடு என்றால் ஆசிரியர் பிழை என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதன் பிறகு ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "இரண்டு படமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது."

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்

பயிற்சி 14 நிமிடம் ஓடியது. அதில் என் குரல் பதிவாகியிருப்பது இரண்டே இடங்களில். பீரியட் முழுக்கவும் சேர்த்து ஐந்து நிமிடம்.

பேசாமல் இருப்பதற்கு ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் வாய் சும்மா இருக்காது. உள்ளங்கையளவு ஒரு தாளை வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன், காதில் விழுந்த வாக்கியங்களில் ஆறை எழுதினேன். யாராவது "மிஸ், 'நடுவுல'ன்னா என்ன?" என்று கேட்டால் அவர்களுடைய ஜோடியைக் கைகாட்டினேன். ஒருவர் மாட்டிக்கொண்டு விழித்தால் கரும்பலகையின் மூன்று தொடர்களைக் கைகாட்டினேன். அரை நிமிடத்துக்கு மேல் ஒரு ஜோடி மௌனமாக இருந்தால் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பல நேரம் உட்கார்ந்தாலே தொடங்கிவிட்டார்கள்.

நன்றாக ஓடுகிறதா என்பதை 26 குழுக்களுக்குப் பக்கத்திலும் போய்க் கேட்க முடியாது. தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு அடையாளங்கள் பழகின. ஒன்று சத்தத்தின் தன்மை. முதல் வாரச் சத்தம் கட்டிகட்டியாக இருந்தது, ஒரு மூலையில் சிரிப்பு, இன்னொரு மூலையில் அமைதி. மூன்றாம் வாரச் சத்தம் தேனீக்கூடு போல ஒரே சீராக இருந்தது, இடையிடையே கேள்வியாக உயரும் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. தாய்மொழிக்கு வகுப்பு நழுவும்போது வேகம் திடீரென்று கூடும். அதைச் சொல் புரியாத தூரத்திலிருந்தே காது பிடித்துவிடும். மற்றொன்று ரப்பர். எழுதியதை அழிக்கிறார்கள் என்றால் முதலில் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு பேசிச் சரிசெய்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாம் வார நோட்டுகளையும் மூன்றாம் வார நோட்டுகளையும் அருகருகே வைத்தால் அழித்த கறைகளிலேயே வித்தியாசம் தெரியும்.

நிறுத்த விசில் கிடையாது. நான் கையை உயர்த்துவேன், பார்த்தவர் கை உயர்த்திப் பேச்சை நிறுத்த வேண்டும். பாதிப்பேர் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் முதல் முறை இது படுதோல்வி. பிறகு போர்டுக்காரர் தன் சுவர்க்காரரின் தோளைத் தட்டுவது என்று சேர்த்துக்கொண்டோம். விடை திருத்துவது எளிது: எல்லோரும் திரும்பி மற்ற சார்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம். 53 நோட்டுகளையும் நான் பார்க்க வேண்டிய அவசியமில்லை. வேறு இடத்தில் கட்டடம் வைத்தவர்கள் அப்போதே தங்களுக்குள் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள், "நீதானே லெஃப்ட்னே" என்று.

மீதியிருந்த நேரத்தில் குறித்துவைத்த ஆறு வாக்கியங்களில் நான்கைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதினேன். "லைப்ரரி இஸ் மிடில் பார்க் அண்ட் பஸ் ஸ்டாண்ட்", "வேர் போஸ்ட் ஆபீஸ்?" போன்றவை. ஜோடிகளே திருத்தின.

இது எதைச் செய்யவில்லை

இந்த மண்ணிலேயே இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் என்ற பெயரில் தென்னிந்தியப் பள்ளிகளில், ஒரு வேலையைச் செய்து முடிக்கும் போக்கிலேயே மொழியைக் கற்கவைக்கும் பணிவழி முறையில் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தவர் என்.எஸ். பிரபு. இத்தகைய பணிகளைத் தகவல் இடைவெளி, பகுத்தறியும் இடைவெளி, கருத்து இடைவெளி என்று மூன்றாகப் பிரித்தவரும் அவர்தான். அவர் இரண்டாவதைத்தான் பெரிதும் விரும்பினார். ஒரு கால அட்டவணையிலிருந்து எந்த வண்டியைப் பிடிப்பது என்று கணக்கிட்டு முடிவு செய்வது போன்ற பணிகள் அவை. குழுவாகவும் ஜோடியாகவும் பேச விடுவதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசினால் ஒருவருடைய குறை மொழிதான் மற்றவருக்கு முன்மாதிரியாகும், ஆசிரியரின் பேச்சே அதைவிட நல்ல உணவு என்பது அவர் கவலை.

லாங்கும் போர்ட்டரும் தொகுத்த சான்றுகள், கற்பவர்கள் ஒருவர் பிழையை ஒருவர் பெரிதாகப் பிடித்துக்கொள்வதில்லை என்கின்றன. என் பதிவுகளிலும் பிழை பரவியதாகத் தெரியவில்லை. "பிட்வீன்" விஷயத்தில் நல்லதுதான் பரவியது. ஆனாலும் பிரபு சொன்னதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அடுத்த இரண்டு வாரங்களிலும் வேறு வரைபடங்களோடு செய்தோம். பேச்சு நீண்டது, வேகம் கூடியது, விடுபட்ட "இஸ்" மட்டும் விடுபட்டபடியே இருந்தது. "வேர் லைப்ரரி?" என்றாலே விடை கிடைத்துவிடுகிறதே, அந்தச் சொல்லை யார் தேடுவார்கள்? பொருள் போய்ச் சேர்வதற்குத் தேவைப்படாத இலக்கணத்தை இந்தப் பயிற்சி கொண்டுவராது. கரும்பலகையில் நான்கு வாக்கியம் திருத்துவது அதற்கு ஒரு சின்ன ஈடு. முழு ஈடு வேண்டுமென்றால் நான் பேசித்தான் ஆக வேண்டும். அதற்கு வேறொரு பீரியட்டை எடுத்துக்கொண்டேன். ஜோடிப் பேச்சுக்கு நடுவில் நிறுத்தி இலக்கணம் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று ஆள் சேர்க்கை. இரண்டு ஜோடிகளில் ஒருவர் எல்லாவற்றையும் தானே பேசினார். மற்றவர் "யெஸ்", "நோ" என்று தலையை மட்டும் ஆட்டினார். தகவலைத் தலையாட்டுகிறவரிடமே கொடுத்துப் பார்த்தும் பேசுகிறவர், "பார்க் பக்கத்துலயா? எதிர்லயா?" என்று ஒவ்வொன்றாக யூகித்து முடித்துவிட்டார், அதையும் தாய்மொழியில். ஜோடி உறவின் பாங்கு பயிற்சியை மீறி நிற்கும் இடம் இது. அப்படித் தலையாட்டிய ஒரு பெண்ணை மூவர் குழுவில் மாற்றினேன், அவளோடு இன்னொரு சுவர்க்காரரும் இருக்கும்படி. இருவர் ஒரே சார்ட்டைப் பார்ப்பதால், கேட்பதற்கு முன் தங்களுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்ள முடிந்தது. நான்காம் வாரப் பதிவில் அவள் குரல் ஏழு முறை வருகிறது. ஐந்தாம் வாரத்தில் மற்ற சுவர்க்காரர் வரவில்லை. பழைய நிலைக்குத் திரும்பிவிடுவாளோ என்று பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நகர்ந்து போனேன். பதிவில், என் காலடிச் சத்தம் தேய்ந்து ஒரு சில விநாடி கழித்து, "ஸே தட் அகெய்ன்" என்று கேட்கிறது.